பாட்டுத் தாளிலிருந்து திரைக்கு: பஜனைப் பாட்டுக்கு நேரம் குறித்த எல்.ஆர்.சி. கோப்பு செய்வோம்



நம்ம கூட்டு வழிபாட்டில் பாட்டுத் தாள் கொடுக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தாளில் நாலே நாலு வரிதான் இருக்கும். ஆனால் பாட ஆரம்பித்ததும் முன்பாடகர் எந்த வரியை எத்தனை முறை திருப்புகிறார், பல்லவிக்கு எப்போது வருகிறார் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்காது. தெரிந்தவங்க பாடுவாங்க. தெரியாதவங்க கையை மட்டும் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. தேசியப் பள்ளியில் படித்துவிட்டு, தமிழ் எழுத்தை இப்போதுதான் கூட்டி வாசிக்கப் பழகும் தம்பி தங்கைகளுக்கு இது இன்னும் சிரமம். எந்த வரி என்று கண் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போயிடும்.

பாடுகிற நேரத்தில் அந்த வரி மட்டும் திரையில் எரிந்தால் இந்தச் சிரமம் இல்லை. கராவோக்கேயில் பார்க்கிறோமே, அதேதான். இதற்கு விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் வேண்டாம். எல்.ஆர்.சி. என்ற ஒரு சின்னக் கோப்பு போதும். இந்த மாதப் பாடத்தில் ஒரு நாலு வரிப் பாட்டை எடுத்துக்கொண்டு, தாளிலிருந்து திரை வரைக்கும் முழுசாகச் செய்து பார்க்கலாம்.

எல்.ஆர்.சி. கோப்புக்குள் என்ன இருக்கிறது?

அதற்குள் வெறும் எழுத்துதான் இருக்கிறது. நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு பாட்டு வரிக்கும் முன்னால் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு நேரம் இருக்கும்:

```
[01:02.77]வேலைக் கண்டதும் களைப்பு போச்சு
```

முதல் இரண்டு எண் நிமிடம், அடுத்த இரண்டு வினாடி, புள்ளிக்குப் பின்னால் வருவது வினாடியில் நூறில் ஒரு பங்கு. பாட்டு ஓடத் தொடங்கி 1 நிமிடம் 2.77 வினாடி ஆனதும் இந்த வரியைக் காட்டு என்று அர்த்தம். வரி எப்போது மறைய வேண்டும் என்று எங்கேயும் எழுதுவதில்லை. அடுத்த வரியின் நேரம் வந்ததும் இது தானாக விலகிவிடும். இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோப்பில் ஒலி கிடையாது. ஒலி தனி எம்.பி.3 கோப்பாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே ஒரு எல்.ஆர்.சி. கோப்பு ஒரே ஒரு பதிவுக்குத்தான் பொருந்தும். அதே பாட்டை வேறொருவர் பாடிய பதிவுக்கு அது உதவாது.

எந்தப் பதிவை எடுப்பது? நம்ம குழுவே ஆர்மோனியம், தபேலா வைத்துப் பாடி, கைப்பேசியில் பதிவு செய்ததை எடுங்கள். இசை நிறுவனம் வெளியிட்ட பதிவுக்கு உரிமைக்காரர் இருக்கிறார். அதை மண்டபத்தில் போடவும் மற்றவர்களுக்கு அனுப்பவும் அனுமதி வேண்டும். அதுவுமில்லாமல் நம்ம குழுவின் சுருதி, நம்ம குழுவின் வேகம் என்றால் சேர்ந்து பாடுவதும் சுலபம்.

முதல் வேலை: பாடுகிற வரிசையில் எழுதுவது

பயிற்சிக்காகவே எழுதிய நாலு வரி இதோ. முதல் இரண்டும் பல்லவி, அடுத்த இரண்டும் சரணம்:

```
படி ஏறி வந்தோம் பத்துமலைக்கு
பாரம் எல்லாம் இறக்கி வைக்க
வெயிலும் மழையும் வழித்துணை ஆக
வேலைக் கண்டதும் களைப்பு போச்சு
```

தாளில் இது நாலு வரி. பாடும்போது எத்தனை? பதிவை ஒரு தடவை முழுசாகக் கேட்டு, காதில் விழுகிற வரிசையில் எழுதிப் பாருங்கள். முன்பாடகர் முதல் வரியைப் பாடுகிறார், எல்லோரும் திருப்பிப் பாடுகிறோம். இரண்டாம் வரியும் அப்படியே. பிறகு ஆர்மோனியம் மட்டும் கொஞ்ச நேரம். மூன்றாம் வரியும் நாலாம் வரியும் முன்பாடகருக்கு ஒரு முறை, நமக்கு ஒரு முறை. கடைசியில் பல்லவியின் இரண்டு வரியையும் எல்லோரும் ஒன்றாகப் பாடி முடிக்கிறோம்.

இப்போது எண்ணுங்கள். பல்லவி 4, இசை 1, சரணம் 4, கடைசிப் பல்லவி 2, பாட்டு முடிகிற இடம் 1. மொத்தம் 12 வரி. தாளில் இருந்த 4 வரி, பாடுகிற வரிசையில் 12 வரியாகிவிட்டது. இந்த வேலையில் பெரும்பாலான தகராறு இங்கேதான் பிறக்கிறது. தாளில் உள்ளபடி 4 வரியை வைத்துக்கொண்டு நேரம் குறிக்கப் போனால், இரண்டாவது வரியிலேயே பாட்டும் திரையும் பிரிந்துவிடும்.

இசை வரும் இடத்துக்கும் பாட்டு முடியும் இடத்துக்கும் ஏன் தனி வரி? மேலே சொன்னதுதான் காரணம். அடுத்த நேரம் வரும் வரைக்கும் பழைய வரி திரையில் நிற்கும். இசை ஓடும்போது பழைய வரி எரிந்துகொண்டே இருந்தால், இன்னொரு முறை பாடணுமோ என்று நாலு பேர் ஆரம்பித்துவிடுவார்கள். நேரத்தை மட்டும் எழுதி, வரியை வெறுமையாக விடலாம். ஆனால் சில செயலிகள் வெறும் வரியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். அதனால் ♪ என்ற குறியைப் போடுவது பாதுகாப்பு.

இன்னொரு சின்ன விஷயம். முன்பாடகர் வரியும் நம்ம வரியும் எழுத்தில் ஒன்றுதான். திரையில் ஒரே வரி இரண்டு முறை வந்தால், இப்போது யார் முறை என்று புரியாது. எல்லோரும் பாட வேண்டிய வரிக்கு முன்னால் » போன்ற ஒரு குறி வைத்தால் போதும். முதல் பாட்டிலேயே கூட்டம் அதைப் புரிந்துகொள்ளும்.

ஒரே வரி பல முறை வந்தால், நேரங்களை மட்டும் அடுக்கி வரியை ஒரு தடவை எழுதுகிற சுருக்க முறையும் உண்டு:

```
[00:11.98][01:08.40]படி ஏறி வந்தோம் பத்துமலைக்கு
```

இதுவும் எல்.ஆர்.சி. முறைதான். ஆனால் எல்லாச் செயலியும் இதைச் சரியாக வரிசைப்படுத்துவதில்லை. பிறகு கையால் திருத்தவும் சிரமம். நாம் விரித்தே எழுதுவோம்.

ஒரு மூச்சு, ஒரு வரி

வரியை எங்கே உடைப்பது? ஒரே மூச்சில் பாடுகிற அளவு ஒரு வரி. நாலு அல்லது ஐந்து சொல் இருந்தால் மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்தும் படிக்கிற அளவுக்கு எழுத்து பெரிதாக நிற்கும். அதற்கு மேல் போனால் வரி மடங்கும், அல்லது எழுத்து சிறுத்துப் போகும்.

பழைய பாட்டுப் புத்தகங்களில் சீர் கணக்குப்படி பிரித்து அச்சடித்திருப்பார்கள். அதில் ஒரு சொல்லின் பாதி இந்த வரியிலும் மீதி அடுத்த வரியிலும் வரலாம். திரையில் அப்படி வைத்தால், தமிழ் மெதுவாக வாசிக்கிறவர்கள் தடுக்கி விழுவார்கள். ஒரு சொல் முழுசாக ஒரே வரியில் நிற்கட்டும். சந்தி சேர்ந்து நீளமாக நிற்கும் சொற்களைப் பிரித்து எழுதலாமா என்று சமய வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தேவாரம், திருப்புகழ் போன்றவற்றில் நம்ம இஷ்டத்துக்குப் பிரித்தால் பொருள் மாறிப்போகும்.

எழுத்துப் பிழையையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். இணையத்திலிருந்து நகல் எடுத்த வரிகளில் ன, ண மாறியிருக்கும். ல, ள, ழ மாறியிருக்கும். தாளில் இருக்கும் பிழையைப் பாதிப் பேர் பார்க்கவே மாட்டார்கள். திரையில் இருக்கும் பிழையை ஐம்பது பேர் ஒரே நேரத்தில் சத்தமாகப் பாடுவார்கள், குழந்தைகள் அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்கள். அச்சுப் புத்தகத்தோடு ஒரு தடவை ஒப்பிட்டுவிட்டு, 12 வரியையும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேலை: கேட்டுக்கொண்டே நேரம் குறிப்பது

கடிகாரத்தைப் பார்த்து எழுதினால் நூறில் ஒரு பங்கு வினாடி கிடைக்காது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தேடும்போது `Audacity` என்று தட்டுங்கள். கணினியில் அதைப் போட்டு, நம்ம எம்.பி.3 பதிவைத் திறங்கள். ஒலி அலைக்கோடாகத் தெரியும்.

பாட்டை முதலிலிருந்து ஓட விடுங்கள். ஒவ்வொரு வரியும் தொடங்கும் நொடியில் `Ctrl+M` அழுத்துங்கள். மேக் கணினியில் `Cmd+.` அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அலைக்கோட்டின் கீழே ஒரு சின்னக் கொடி விழும். அதில் எதுவும் எழுத வேண்டாம். பாட்டை நிறுத்துவதற்கு முன் ஒரு முறை `Enter` அழுத்துங்கள். இல்லாவிட்டால் இடைவெளிப் பட்டனைத் தட்டும்போது பாட்டு நிற்காமல், கொடிக்குள் வெற்றிடம்தான் விழும்.

விரல் எப்போது விழ வேண்டும்? வரியின் முதல் எழுத்து காதில் விழும் அந்த நொடியில். "படி" என்றால் "ப" தொடங்கும் இடம். தட்டும்போது 12 வரித் தாளைப் பக்கத்தில் வைத்து, மறு கை விரலால் வரிசையைத் தொட்டுக்கொண்டே வாருங்கள். இசை தொடங்கும் இடத்திலும், கடைசிச் சொல் முழுசாக ஓய்ந்த இடத்திலும் ஒரு தட்டு உண்டு, மறந்துடாதீங்க.

நடுவில் ஒன்று தவறினால் நிறுத்த வேண்டாம். தொடர்ந்து போங்கள். முடிந்ததும் தவறிய இடத்தைக் கேட்டுக் கண்டுபிடித்து, அலைக்கோட்டில் அந்த இடத்தைச் சொடுக்கி `Ctrl+B` அழுத்தினால் புதிய கொடி விழும். கோணலாக விழுந்த கொடியைச் சுட்டியால் பிடித்து நகர்த்தவும் முடியும்.

கடைசியில் கொடிகளை எண்ணுங்கள். 12 இருக்கிறதா? 11 அல்லது 13 இருந்தால் இங்கேயே நில்லுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகாமல் அடுத்த படிக்குப் போனால், எந்த இடத்தில் தவறு என்று பிறகு தேடுவது பெரிய பாடு.

சரியாக இருந்தால் `File` பட்டியலில் `Export Labels` என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய பதிப்புகளில் அது `Export Other` என்பதற்குள் இருக்கும். ஒரு எழுத்துக் கோப்பு கிடைக்கும். அதில் முதல் மூன்று வரி நம்ம பாட்டுக்கு இப்படி இருக்கும்:

```
12.480000	12.480000	
18.130000	18.130000	
23.790000	23.790000	
```

முதல் எண் தொடக்க நேரம், இரண்டாவது முடிவு நேரம். கொடி ஒரே புள்ளியில் நிற்பதால் இரண்டும் ஒன்றாக இருக்கிறது. எல்லாமே வினாடிக் கணக்குதான், நிமிடம் கிடையாது. ஆகவே 63.27 என்பது 1 நிமிடம் 3.27 வினாடி. இதைக் கையால் மாற்றுகிறவர்கள் `[00:63.27]` என்று எழுதிவிடுவதுண்டு. வினாடி 60-ஐத் தொடக்கூடாது. அப்படி எழுதினால் ஒரு செயலி ஏற்கும், இன்னொரு செயலி அந்த வரியையே விட்டுவிடும்.

மூன்றாவது வேலை: நேரத்தையும் வரியையும் சேர்ப்பது

கூகல் சீட்ஸ் அல்லது எக்செல் திறங்கள். ஆடாசிட்டி கொடுத்த கோப்பை நோட்பேடில் திறந்து, எல்லாவற்றையும் நகலெடுத்து, முதல் கட்டத்தில் ஒட்டுங்கள். நேரம் A, B என்று இரண்டு நிரலில் விழும். B நிரல் நமக்கு வேண்டாம், நீக்கிவிடுங்கள். இப்போது B காலியாக இருக்கும். அங்கே 12 பாட்டு வரியையும் ஒட்டுங்கள்.

C நிரலில் "எவ்வளவு முன்கூட்டி" என்று எழுதப் போகிறோம். ஏன் முன்கூட்டி? இரண்டு காரணம். ஒன்று, காது கேட்டு விரல் அழுத்துவதற்குள் ஒரு நொடிப்பொழுது கழிந்துவிடும். எல்லோருடைய விரலும் கொஞ்சம் தாமதம்தான். இரண்டாவது, பாடுகிறவர் வரியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாய் திறக்க முடியும். ஒலி தொடங்கும் அதே நொடியில் வரி வந்தால், படிக்கிறவருக்கு அது தாமதமாக வந்த மாதிரிதான். அதனால் பாட்டு வரிகளுக்கு C நிரலில் 0.5 போடுங்கள். அரை வினாடி முன்னால் வரும்.

ஆனால் ♪ வரிகளுக்கு 0 போடுங்கள். அங்கே முன்கூட்டி வந்தால், கடைசிச் சொல்லை இழுத்துப் பாடிக்கொண்டிருக்கும்போதே வரி காணாமல் போயிடும். பாட்டு வரிகளிலும் இதே காரணத்தால் அளவு மீறக்கூடாது. இரண்டு வரிக்கு நடுவில் மூச்சு வாங்குகிற இடைவெளி எவ்வளவோ, அதற்குள் அடங்கினால் நல்லது. திரையில் ஒரே வரி மட்டும் காட்டும் செயலி என்றால் அரை வினாடி அவசியம். அடுத்த வரிகளும் மங்கலாகக் கீழே தெரியும் செயலி என்றால் 0.3 கூடப் போதும், கண் முன்னாலேயே போய் வாசித்துவிடும்.

இப்போது D நிரலில் கழித்தல், E நிரலில் முழு வரி:

```
D1:  =ROUND(A1-C1,2)
E1:  ="["&TEXT(INT(D1/60),"00")&":"&TEXT(MOD(D1,60),"00.00")&"]"&B1
```

இரண்டு கட்டத்தையும் 12-ஆம் வரிசை வரை கீழே இழுத்துவிடுங்கள். ஒன்பதாவது வரிசையை நாமே கணக்குப் போட்டுச் சரிபார்ப்போம். A9-இல் 63.27, C9-இல் 0.5. கழித்தால் 62.77. அறுபதால் வகுத்தால் முழு எண் 1, மீதி 2.77. ஆகவே `[01:02.77]`. பாடத்தின் தொடக்கத்தில் பார்த்த நேரம் இதுதான்.

D-இல் ஏன் முதலில் `ROUND` போடுகிறோம் என்று கேட்கலாம். கழித்த பிறகு 59.997 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுமைப்படுத்தாமல் நேராக எழுதினால் நிமிடம் 0 என்று கணக்காகி, வினாடி மட்டும் 60.00 என்று உயர்ந்து `[00:60.00]` ஆகிவிடும். முதலிலேயே முழுமைப்படுத்தினால் 60.00 ஆகி, சரியாக `[01:00.00]` வரும். எப்போதாவது ஒரு தடவைதான் இப்படி வரும். ஆனால் வந்தால் ஒரு வரி மட்டும் காரணம் தெரியாமல் காணாமல் போகும்.

E நிரலை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். மேலே பாட்டின் பெயர், பாடியவர், கோப்பைச் செய்தவர் என்று மூன்று வரி சேர்க்கலாம். நம்ம பாட்டின் முழுக் கோப்பு இது:

```
[ti:படி ஏறி வந்தோம்]
[ar:பஜனைக் குழு]
[by:இளைஞர் பிரிவு]
[00:11.98]படி ஏறி வந்தோம் பத்துமலைக்கு
[00:17.63]» படி ஏறி வந்தோம் பத்துமலைக்கு
[00:23.29]பாரம் எல்லாம் இறக்கி வைக்க
[00:28.92]» பாரம் எல்லாம் இறக்கி வைக்க
[00:35.05]♪
[00:45.81]வெயிலும் மழையும் வழித்துணை ஆக
[00:51.51]» வெயிலும் மழையும் வழித்துணை ஆக
[00:57.14]வேலைக் கண்டதும் களைப்பு போச்சு
[01:02.77]» வேலைக் கண்டதும் களைப்பு போச்சு
[01:08.40]» படி ஏறி வந்தோம் பத்துமலைக்கு
[01:14.02]» பாரம் எல்லாம் இறக்கி வைக்க
[01:20.19]♪
```

சேமிக்கும்போது கவனம்

நோட்பேடில் `Save As` போகும்போது மூன்று இடத்தைப் பாருங்கள். பெயர் `padi.lrc` என்று இருக்க வேண்டும். `Save as type` என்ற இடத்தில் `All files` தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கணினி சத்தமில்லாமல் `padi.lrc.txt` என்று சேமித்துவிடும், செயலி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மூன்றாவது, `Encoding` என்ற இடத்தில் `UTF-8` இருக்கட்டும். பழைய விண்டோஸில் அங்கே `ANSI` என்று நிற்கும். அப்படியே சேமித்தால் தமிழ் எழுத்து அத்தனையும் கேள்விக்குறியாகிவிடும். கேள்விக்குறியான எழுத்தை மறுபடி தமிழாக்க முடியாது. அதனால் 12 வரித் தாளை அழித்துவிடாதீர்கள். எக்செலிலிருந்து சி.எஸ்.வி.யாகச் சேமித்தாலும் இதே ஆபத்து உண்டு. நகலெடுத்து ஒட்டுவதே நல்லது.

ஒலிக் கோப்பின் பெயரும் `padi.mp3` என்றே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். பெயரில் ஒரு எழுத்து, ஒரு இடைவெளி மாறினாலும் செயலி இரண்டையும் சேர்த்துப் பார்க்காது. விண்டோஸில் `AIMP`, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் `Musicolet` ஆகிய இலவசச் செயலிகள் எல்.ஆர்.சி. கோப்பைக் காட்டும். ஐபோனோடு வருகிற மியூசிக் செயலி இப்படிப் பக்கத்தில் வைத்த கோப்பை எடுத்துக்கொள்ளாது.

சோதனை: பிழை எந்த மாதிரி என்று பாருங்கள்

பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஒரு முறை ஓட்டுங்கள். நடுவில் தாவிப் பார்க்க வேண்டாம். திரை சரியாக வராவிட்டால், எப்படித் தவறுகிறது என்று கவனித்தாலே காரணம் தெரிந்துவிடும்.

முதல் வகை: ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவு தள்ளி வருகிறது. இது விரல் தாமதம், அல்லது ஒலிக்கருவியின் தாமதம். புளூடூத் ஸ்பீக்கரில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், அதனால் திரை முந்தி ஓடுகிற மாதிரி தெரியும். கம்பி போட்டு இணைத்துப் பாருங்கள். அப்படியும் தள்ளியே இருந்தால் C நிரலில் அளவை மாற்றி மறுபடி எடுங்கள். கோப்பின் மேலே `[offset:300]` என்று ஒரு வரி சேர்க்கிற வழியும் இருக்கிறது. அது மில்லி வினாடிக் கணக்கு. பொதுவாக எண் கூடினால் வரிகள் சீக்கிரம் வரும். ஆனால் சில செயலிகளில் இது தலைகீழ், சிலவற்றில் வேலையே செய்யாது. 2000 போட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

இரண்டாம் வகை: ஒரு இடம் வரை எல்லாம் சரி, அங்கிருந்து ஒரு வரி முழுசாகத் தள்ளிப்போகிறது. இது நேரப் பிரச்சினை இல்லை, எண்ணிக்கைப் பிரச்சினை. அந்த இடத்தில் ஒரு திருப்பலை எழுத மறந்திருப்பீர்கள், அல்லது விரல் இரண்டு முறை தட்டியிருக்கும். `offset` போட்டு இதைச் சரிசெய்யவே முடியாது. சீட்ஸில் அந்த வரிசையைச் சரிசெய்தால் கீழே உள்ள எல்லாம் தானாக இடத்துக்கு வரும்.

மூன்றாம் வகை: முதல் வரி சரி, போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது. அப்படியானால் ஓடுகிற ஒலி, நீங்கள் நேரம் குறித்த ஒலி இல்லை. யாரோ வேகத்தை மாற்றிய பதிவையோ, வேறொரு நாள் பாடிய பதிவையோ போட்டிருக்கிறார்கள். சரியான எம்.பி.3 கோப்பைத் தேடி எடுங்கள், எல்.ஆர்.சி.யில் கை வைக்க வேண்டாம்.

சொல்லுக்குச் சொல் எரிய வைக்கலாமா?

கராவோக்கே நிலையத்தில் பார்த்த மாதிரி சொல் சொல்லாக நிறம் மாற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கும் ஒரு விரிவு முறை இருக்கிறது. வரியின் உள்ளே ஒவ்வொரு சொல்லுக்கும் நேரம் எழுதுவார்கள்:

```
[00:11.98]<00:11.98>படி <00:12.95>ஏறி <00:14.02>வந்தோம்
```

இதைக் காட்டும் செயலிகள் குறைவு. காட்டாத செயலியில் இந்த எண்களெல்லாம் பாட்டு வரியோடு சேர்ந்து திரையில் வந்து நிற்கலாம். செய்தே ஆக வேண்டும் என்றால் சொல்லோடு நிறுத்துங்கள், எழுத்து எழுத்தாகப் பிரிக்க வேண்டாம். "தோ" போன்ற எழுத்தில் குறி முன்னாலும் பின்னாலும் ஒட்டி நிற்கிறது. நடுவில் வெட்டினால் எழுத்தின் உருவமே சிதைந்துவிடும். கூட்டாகப் பாடுவதற்கு வரி வரியாக எரிவதே போதும்.

எங்கே இது உதவாது?

நேரடிப் பஜனையில் இதை நம்பாதீர்கள். முன்பாடகருக்கு மனம் உருகினால் ஒரு வரியை ஆறு முறை திருப்புவார், சட்டென்று வேகத்தைக் கூட்டுவார். அது அவருடைய உரிமை, பஜனையின் அழகும் அதுதான். எல்.ஆர்.சி. கோப்பு கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதால் அவரைப் பின்தொடர முடியாது. அங்கே வரிகளைப் பட வில்லைகளாகப் போட்டு, பாட்டு தெரிந்த ஒருவர் பட்டனைத் தட்டி மாற்றுவதுதான் சரி. அதற்கும் நீங்கள் எழுதி வைத்த அதே 12 வரி உதவும்.

எல்.ஆர்.சி. கோப்பின் இடம் பயிற்சி. சமய வகுப்பில் பதிவைப் போட்டுப் பிள்ளைகளைப் பாடவைக்க, திருமுறை ஓதும் விழாவுக்கு வீட்டில் தயாராக, வழிபாட்டுக்கு முந்தின வாரம் குழுவுக்குக் கைப்பேசியில் அனுப்ப. அனுப்பும்போது இரண்டு கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். சில செயலிகள் அனுப்பும்போதே ஒலிக் கோப்பின் பெயரை மாற்றிவிடும். அதனால் இரண்டையும் ஒரு `zip` கோப்பில் போட்டு அனுப்புவது நல்லது.

இந்த மாதப் பயிற்சி

1. உங்கள் வட்டாரக் குழு அடிக்கடி பாடும் ஒரு சின்னப் பாட்டைப் பதிவு செய்யுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும்.

2. தாளில் எத்தனை வரி, பாடும் வரிசையில் எத்தனை வரி என்று எண்ணி எழுதுங்கள். இசை வரும் இடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. ஆடாசிட்டியில் கொடி போட்டு, எண்ணிக்கை சரியா என்று பார்த்த பிறகு சீட்ஸில் சேருங்கள். ஏதாவது ஒரு வரியின் நேரத்தைக் கையால் கணக்குப் போட்டுச் சரிபாருங்கள்.

4. அந்தப் பாட்டு தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பாடச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. அவர் எந்த வரியில் தயங்குகிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டு, அந்த வரியின் நேரத்தையோ உடைத்த இடத்தையோ திருத்துங்கள்.